சரக்கு இறங்கும்போதே எடை போடணுமா, அப்புறம் பார்த்துக்கலாமா?

திருச்சி பிரியாணி
எங்களுடையது நடுத்தரமான பிரியாணிக் கடை. கோழி தினமும் 50 கிலோ என்று பில் வருகிறது. விற்ற பிளேட்டை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் மாதாமாதம் கோழியில் மட்டும் ஏழெட்டு சதவீதம் இடிக்கிறது. மாஸ்டர் "சரக்கே கம்மியா வருது" என்கிறார். சப்ளையர் "உங்க ஆள்தானே கையெழுத்து போட்டார்" என்கிறார். காலை ஐந்தரைக்கு வண்டி வரும்போது பின்வாசலில் இருப்பது காய் நறுக்கும் பையன் ஒருவன்தான். கையெழுத்துக்கு முன்னால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? நடைமுறையில் அது முடியுமா?

கல்லாப்பெட்டி
தம்பி, நான் இந்தத் தொழிலில் ரொம்ப வருஷமாக இருக்கிறேன். எடை போட்டுக்கொண்டு நின்றால் சப்ளையர் அடுத்த மாதமே கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏற்றிவிடுவார். அவருக்கு எப்படியும் அந்தக் காசு வேண்டும், எடையில் எடுப்பார் அல்லது விலையில் எடுப்பார். அதுவும் பதினைந்து நாள் கடனில் சரக்கு போடுகிறவரிடம் தராசைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க முடியுமா? தீபாவளி வாரத்தில் கோழி கிடைக்காதபோது யார் கொடுப்பார்?

பின்வாசல்
விலையில் ஏற்றட்டும் அண்ணே, அதுதான் நமக்கு நல்லது. விலை பில்லில் தெரியும். இன்னொரு கடையில் கேட்டு ஒப்பிடலாம், பேரம் பேசலாம். எடையில் போவது எந்தத் தாளிலும் வராது.

திருச்சி சார், நான் ஹோட்டல் ஸ்டோரில் சரக்கு வாங்கும் வேலை பார்ப்பவன். உங்கள் 50 கிலோவையே எடுத்துக்கொள்வோம். மூன்று பிளாஸ்டிக் கிரேட்டில் வருகிறது என்று வையுங்கள். மூன்றையும் தராசில் ஏற்றினால் 54.2 காட்டும். பில்லில் 50, தராசில் 54 என்றதும் பையன் சந்தோஷமாகக் கையெழுத்து போட்டுவிடுவான். இப்போது கோழியை நம் பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு காலி கிரேட்டை நிறுத்துங்கள். ஈரத்தோடு ஒன்று 1.9 கிலோ வந்தால் மூன்றுக்கு 5.7. மிச்சம் 48.5. கிரேட்டின் அடியில் தேங்கிய தண்ணீரும் ஐஸும் 900 கிராம் இருந்தால் கோழி 47.6 தான். குறைவு 2.4 கிலோ. கிலோ 230 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 552 ரூபாய். மாதம் 26 நாள் கடை திறந்தால் 14,352.

ஒன்றைக் கவனியுங்கள். இது 4.8 சதவீதம்தான் வருகிறது. உங்களுக்கு இடிப்பது ஏழெட்டு. அப்படியானால் மீதி வாசலில் போகவில்லை, உள்ளே போகிறது. பீஸ் வெட்டும் அளவு, ஓரக்கழிவு, ஸ்டாஃப் சாப்பாடு எல்லாம் அதில் இருக்கும். வாசலில் எடை போட்டால்தான் இந்த இரண்டையும் பிரிக்க முடியும். இல்லையென்றால் மாஸ்டரும் சப்ளையரும் ஒருவரை ஒருவர் கை காட்டிக்கொண்டே இருப்பார்கள்.

டிகிரி
கேட்டரிங் படித்துவிட்டு இப்போது ஒரு ஓட்டலில் வேலை. எடையை விட வெப்பநிலைதான் முக்கியம் என்பேன். அதற்கு நேரமே ஆகாது. லேசர் கன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியைத் திறந்து அடித்தால் ஒரு நொடியில் தெரியும். குளிர்ந்த சரக்கு 5 டிகிரிக்குள், உறைந்தது மைனஸ் 18. தாண்டினால் திருப்பி அனுப்பிவிடலாம்.

ஐஸ்பெட்டி
நான் மறுபக்கம் இருப்பவன். நாகப்பட்டினத்தில் இருந்து மீன் போடுகிறேன். தம்பி சொல்லும் கன் மேல்தோலை மட்டும்தான் பார்க்கும். பெட்டியைத் திறந்ததும் மேலே இருப்பது ஐஸ், அதில் அடித்தால் எப்போதும் ஜீரோதான் வரும். அடியில் கிடக்கும் வஞ்சிரம் 9 டிகிரியில் இருந்தாலும் உங்கள் கன் ஜீரோ சொல்லும். நான் நேர்மையாகப் போடுகிறேன், அதனால் சொல்கிறேன். ஏமாற்ற நினைப்பவனுக்கு உங்கள் கன்தான் சௌகரியம்.

பின்வாசல்
ஐஸ்பெட்டி சொல்வது சரி. டிகிரி தம்பி சொன்ன அளவு சரி, கருவிதான் தப்பு. வண்டிக்குள் இருக்கும் டிஸ்ப்ளேவும் காற்றின் குளிரைத்தான் காட்டும், சரக்கின் குளிரை இல்லை. குத்தும் தெர்மாமீட்டர் வாங்குங்கள். மீன் என்றால் அடியில் இருந்து ஒன்றை எடுத்து, முதுகுப் பக்கம் தடிமனான சதையில் குத்திப் பாருங்கள். உறைந்த பாக்கெட்டைக் குத்த வேண்டாம். இரண்டு பாக்கெட்டுக்கு நடுவே ஊசியைச் செருகி, இரண்டையும் அழுத்திப் பிடித்து, எண் நிற்கும் வரை காத்திருங்கள். ஊசி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்தால் 0 காட்ட வேண்டும்.

சூரை, அயிலை, வஞ்சிரம் மாதிரி மீனில் இதை விட்டுவிடாதீர்கள். வழியில் சூடேறினால் அவற்றில் ஹிஸ்டமின் சேரும். அப்புறம் ஐஸில் போட்டாலும் போகாது, எண்ணெயில் பொரித்தாலும் போகாது. மணத்தில் தெரியாமலும் இருக்கலாம். சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து தடிப்பு வந்தால் பழி கடைக்குத்தான்.

உருகி மறுபடி உறைந்த சரக்குக்குத் தெர்மாமீட்டரே வேண்டாம். பச்சைப் பட்டாணி பாக்கெட்டைக் குலுக்கினால் மணியாக ஓடணும், ஒரே கட்டியாக இருந்தால் வழியில் உருகியிருக்கிறது. இறால் பாக்கெட்டின் ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் தேங்கி உறைந்திருந்தாலும் அதே கதைதான். அப்போது மைனஸ் 18 காட்டினாலும் எடுக்காதீர்கள்.

விடுதி மெஸ்
நாங்கள் கல்லூரி விடுதி மெஸ் நடத்துகிறோம். எங்களுக்குக் கோழி வாரம் ஒரு நாள்தான், பெரும்பாலும் மளிகை. அதற்கு எடையெல்லாம் தேவையில்லை, டின் எண்ணினால் போதும். எண்ணெய் 20 டின் சொன்னோம், 20 டின் வந்தது, முடிந்தது. எங்களுக்குப் பிரச்சினை வேறு: பையன்கள் தட்டில் சாப்பாட்டை வீணாக்குகிறார்கள். அதற்கு யாராவது வழி சொல்லுங்கள்.

பின்வாசல்
தட்டுக் கணக்குக்குத் தனியாக ஒரு இழை போடுங்கள். டின் கணக்குக்கு மட்டும் ஒரு கேள்வி. டின்னில் 15 கிலோ என்று இருக்கிறதா, 15 லிட்டர் என்று இருக்கிறதா? எண்ணெய் தண்ணீரை விட லேசு. 15 லிட்டர் டின்னில் எண்ணெய் சுமார் 13.7 கிலோதான். பேசும்போது 15 கிலோ டின் விலை பேசிவிட்டு 15 லிட்டர் டின் இறங்கினால், எண்ணிக்கை சரியாக இருந்தாலும் டின்னுக்கு 1.3 கிலோ போகிறது.

விடுதி மெஸ்
இப்போதுதான் போய்ப் பார்த்தேன். லிட்டர்தான் போட்டிருக்கிறது. ஆனால் விலையும் லிட்டருக்குத்தான் பேசினோமோ என்னவோ, பேசியவர் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார்.

பின்வாசல்
அதனால்தான் ஆர்டரை எழுதி வைக்கச் சொல்வது. வாட்ஸ்அப்பில் இருந்தாலும் போதும். பொருள், அளவு, விலை மூன்றும் இருக்கணும். வாசலில் பில்லை ஒப்பிட வேண்டியது அந்த ஆர்டரோடு. பலர் பில்லையும் சரக்கையும் மட்டும் ஒப்பிடுகிறார்கள். சரக்கு பில்படி சரியாகவே இருக்கும், கேட்காத விலை பில்லில் ஏறியிருக்கும்.

கல்லாப்பெட்டி
எல்லாம் சரிப்பா. தராசு யாருடையது? அவன் வண்டியில் கொண்டுவரும் தராசில் நீ நிறுத்தினால் என்ன, நிறுத்தாவிட்டால் என்ன? உன் தராசில் நிறுத்தினால் "உன் தராசு தப்பு" என்பான். நான் பார்க்காத சண்டையா?

பின்வாசல்
நல்ல கேள்வி அண்ணே. தராசு நம்முடையதாக இருக்கணும். எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் தொழிலாளர் துறை எடையளவுப் பிரிவின் முத்திரை வாங்கி, அந்தச் சான்றிதழைப் பக்கத்தில் மாட்டி வையுங்கள். 5 கிலோ முத்திரைக் கல் ஒன்றும் இருக்கட்டும். டிரைவர் சந்தேகப்பட்டால் அவர் கண் முன்னால் கல்லை வைத்துக் காட்டுங்கள், பேச்சு அங்கேயே முடியும்.

குறைவு இருந்தால் பில்லின் இரண்டு பிரதியிலும் "பில் 50, நிகரம் 47.6, குறைவு 2.4" என்று எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்கணும். நாம் அதற்குக் கீழேதான் கையெழுத்து போடணும். "நாளைக்குச் சேர்த்துப் போடறேன்" என்றால் ஒத்துக்கொள்ளக் கூடாது. நாளைக்கு வரும் 2.4 கிலோ எந்தப் பில்லிலும் இருக்காது, வந்ததா என்று சொல்லவும் ஆள் இருக்காது. கிரெடிட் நோட் வரும் வரை அந்தப் பில்லை முழுசாகக் கட்டாதீர்கள்.

ஐஸ்பெட்டி
எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். ஐஸில் வரும் மீனும் கோழியும் வழியில் தண்ணீர் விடும். நான் 20 கிலோ நிறுத்தி அனுப்பினால் இரண்டு மணி நேரம் கழித்து உங்கள் தராசில் 19.7 வரலாம். அது திருட்டு இல்லை. அடுத்தது நேரம். காலையில் எனக்குப் பத்துப் பன்னிரண்டு கடை. ஒரு கடையில் எல்லாவற்றையும் கொட்டி, வடித்து, நிறுத்த அரை மணி நேரம் நிற்க வைத்தால் வண்டியின் கதவு திறந்தே கிடக்கும். கடைசிக் கடைக்காரர் குத்திப் பார்த்து 7 டிகிரி என்று திருப்பி அனுப்புவார். அந்த நஷ்டம் யாருக்கு?

திருச்சி பிரியாணி
இதைத்தான் நானும் கேட்க நினைத்தேன். தண்ணீர் விடுவதற்கு எவ்வளவு விட்டுக் கொடுக்கலாம்?

பின்வாசல்
அதை வாசலில் பேசக் கூடாது, விலை பேசும்போதே பேசிவிடணும். நாங்கள் கோழிக்கு ஒரு சதவீதம் வரை கேட்பதில்லை, அதற்கு மேல் போனால் முழுக் குறைவையும் கழிக்கிறோம். இது எங்கள் ஒப்பந்தம், ஊர் வழக்கம் என்று சொல்ல மாட்டேன். சாதாரணமாகச் சொட்டுவதற்கும், கோழியைத் தண்ணீரில் ஊறவைத்து எடை ஏற்றுவதற்கும் வித்தியாசம் தெரியும். ஊறிய கோழியின் தோலுக்கடியில் விரலால் அழுத்தினால் தண்ணீர் பிதுங்கும். துளையுள்ள தட்டில் பத்து நிமிஷம் வைத்து மறுபடி நிறுத்தினால் இன்னும் குறையும்.

நேரத்துக்கு ஒரு வழி இருக்கிறது. எல்லாவற்றையும் நிறுத்த வேண்டாம். கோழி, மீன், மட்டன், பன்னீர் தினமும். அரிசி மூட்டை பத்து வந்தால் இரண்டு, அதுவும் நாம் கை காட்டும் மூட்டை, அவர் இறக்கும் முதல் மூட்டை இல்லை. குளிர்ந்த சரக்கு முதலில், காய் அடுத்து, மளிகை கடைசி.

டிகிரி
பையனுக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும்தானே? ஒரு லிஸ்ட் ஒட்டிவிட்டால் அவனே பார்த்துக்கொள்வான்.

கல்லாப்பெட்டி
பையன் டிரைவரிடம் டீக் காசு வாங்கிக்கொண்டு 50 என்று எழுதினால் லிஸ்ட் என்ன செய்யும்? பின்வாசல் தம்பி, உங்கள் மாதிரி பெரிய இடத்தில் ஆர்டர் போட ஒருவர், வாங்க ஒருவர், பணம் கட்ட ஒருவர். எங்கள் கடையில் எல்லாம் ஒரே ஆள்.

பின்வாசல்
அதை நான் மறுக்கவில்லை. சின்னக் கடையில் ஒன்று செய்யலாம். தராசின் எண் தெரியும்படி ஒவ்வொரு கிரேட்டையும் போட்டோ எடுத்து முதலாளிக்கு அனுப்பணும், காலி கிரேட்டையும் சேர்த்து. வாரம் ஒரு நாள் சொல்லாமல் முதலாளியே நிற்கணும். அவர் நின்ற நாளில் மட்டும் குறைவு மாறினால் என்ன நடக்கிறது என்று அவருக்கே தெரிந்துவிடும். முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன்.

திருச்சி பிரியாணி
நாளையிலிருந்து கோழிக்கு மட்டும் ஆரம்பிக்கிறேன். சப்ளையரிடம் வண்டியை ஆறரைக்கு அனுப்பச் சொல்லிப் பார்த்தேன், அந்த நேரத்துக்கு நானே இருப்பேன். அவர் ஆறு மணிக்கு மேல் என்றால் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட என்கிறார்.

ஐஸ்பெட்டி
இரண்டு ரூபாய் நியாயம்தான் சார். ஆறு மணிக்கு மேல் அந்தத் தெருவில் வண்டி நிறுத்திப் பாருங்கள்.

கல்லாப்பெட்டி
ஐம்பது கிலோவுக்கு நூறு ரூபாய். இவர் சொல்லும் 552 நிஜமாகவே போகிறதா என்று முதலில் ஒரு வாரம் நிறுத்திப் பார் தம்பி, அப்புறம் அந்த நூறைக் கொடு.