"எனக்கு ஏறவே ஏறாது" என்று சொல்லும் பையனைப் பார்த்திருக்கிறீர்களா?

கடலோடி:
என் தங்கை மகனுக்கு 17 வயது. 15-லேயே குடிக்க ஆரம்பித்துவிட்டான் என்று இப்போதுதான் தெரிந்தது. கூட்டாளிகள் எல்லாம் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடக்கும்போது, இவன்தான் ஒவ்வொருவனையும் கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுபோய் விடுவானாம். "மாமா, எனக்கு ஏறவே ஏறாது" என்று அதில் ஒரு பெருமை வேறு. அவன் அப்பாவோ, "தாங்குற உடம்பு, பயமில்லை" என்கிறார். எனக்கு என்னவோ உறுத்துகிறது. இப்படி யாரையாவது பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணி:
குடிநோய் சிகிச்சை வார்டில் செவிலியராக இருக்கிறேன். உங்களுக்கு உறுத்துவது நியாயம்தான். எங்களிடம் வருகிறவர்களில் பலர், "ஆரம்பத்துல நான் தள்ளாடினதே இல்ல சிஸ்டர்" என்று சொல்லித்தான் கதையைத் தொடங்குவார்கள். ஒருவரை நன்றாக நினைவிருக்கிறது. 14 வயதில் தொடங்கியவர். கூட இருந்த நண்பன் இரண்டாவது கோப்பையிலேயே தூங்கிவிழுவானாம். இவர் விடியும்வரை தெம்பாக இருப்பாராம். 22 வயதில் காலையில் கை நடுங்கியது, நடுக்கத்தை நிறுத்தவே ஊற்றிக்கொண்டார். 26-ல் ஒருநாள் கோபத்தில் சட்டென்று நிறுத்த, வலிப்பு வந்து எங்களிடம் சேர்ந்தார்.

தூக்கமும் தள்ளாட்டமும்தான் "போதும், நிறுத்து" என்று உடம்பு போடும் பிரேக். பதின்ம வயதில் அந்தப் பிரேக் தாமதமாகத்தான் பிடிக்கும். எலிகளில் இது தெளிவாகத் தெரிகிறது. குட்டிப் பருவம் தாண்டிய இளம் எலியைத் தூங்கவைக்க, வளர்ந்த எலியைவிடக் கூடுதல் மது வேண்டும். ஆனால் கற்றதை நினைவில் வைக்கும் திறன் அந்த இளம் எலிக்குத்தான் சீக்கிரம் கெடுகிறது. மனிதப் பிள்ளைகளுக்கு ஊற்றிக்கொடுத்துச் சோதிக்க முடியாது, அதனால் நம்மிடம் அந்த அளவுக்கு நேரடிச் சான்று இல்லை.

மழைக்கால்:
ஐயோ, இது என் கதை. 18 வயதில் விடுதியில் ஒரு இரவு. நான் பாட்டுப் பாடினேன், வார்டனிடம் ஒழுங்காகப் பதில்கூடச் சொன்னேன் என்கிறார்கள். எனக்கு ஒரு துளி ஞாபகம் இல்லை. மயங்கியும் விழவில்லை. அப்போது அது எங்களுக்கு வெறும் சிரிப்புச் சமாச்சாரம்.

நேர்கோடு:
மூளை வளர்வது 25 வரைதான். அது தாண்டிவிட்டால் கவலை இல்லை. அதுவரை வீட்டிலேயே நம் கண்ணெதிரில் கொஞ்சம் கொடுத்துப் பழக்கினால், வெளியே போய் வெறித்தனமாகக் குடிக்கமாட்டான்.

இரவுப்பணி:
முதல் பாதி ஓரளவு சரி. ஆசையைத் தூண்டும் பகுதி முன்னாலேயே சுறுசுறுப்பாகிவிடும். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் யோசித்து அடக்கும் பகுதி முதிர 25 வாக்கில் ஆகும். அந்த இடைவெளியில்தான் பழக்கம் ஆழமாகப் பதிகிறது. அதற்காக 25 ஒன்றும் மதில்சுவர் இல்லை. வீட்டில் கொடுத்துப் பழக்குவது காப்பாற்றும் என்பதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் சுமார் 1,900 பிள்ளைகளை 6 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018-ல் வெளியிட்டார்கள். யாரிடமும் மது வாங்காத பிள்ளைகளைவிட, பெற்றோர் கையால் வாங்கிக் குடித்த பிள்ளைகளிடம் பின்னால் மிதமிஞ்சிக் குடிப்பது அதிகமாக இருந்தது.

தாழம்பூ:
என் அண்ணனுக்கு 48 வயது, ஈரலில் கொழுப்பு என்கிறார்கள். என்ன டெஸ்ட் எடுக்கணும்?

ஒத்தையடி:
அக்கா, அதைத் தனியாகக் கேளுங்கள், இங்கே அமுங்கிப்போகும்.

சிஸ்டரிடம் ஒரு சந்தேகம். 1997-ல் வந்த அமெரிக்க ஆய்வில், 15-க்கு முன் தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் வாழ்நாளில் எப்போதாவது குடிக்கு அடிமையானார்கள், 21-க்கு மேல் தொடங்கியவர்களில் 10 சதவீதம் என்று படித்தேன். சரி, ஆனால் சீக்கிரம் குடிப்பதே இந்த வித்தியாசத்தை உண்டாக்கியதா? இல்லை, அடிமையாகும் சுபாவம் ஏற்கெனவே இருப்பவன்தான் சீக்கிரம் குடிக்கிறானா? இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், பெரும்பகுதி குடும்ப வாகுதான் என்கின்றனவே.

இரவுப்பணி:
அது இன்னும் தீராத வழக்கு. இரண்டுமே கலந்திருக்கும் என்பது என் எண்ணம். ஏறாத உடம்பும் ஓரளவு பரம்பரையாக வருவதுதான். குடிநோய் உள்ள அப்பாக்களின் மகன்களுக்கும் மற்ற இளைஞர்களுக்கும் ஒரே அளவு கொடுத்துப் பார்த்தார் ஷுக்கிட் என்ற அமெரிக்க மருத்துவர். முதல் கூட்டத்தாருக்குப் போதை குறைவாகத் தெரிந்தது. பின்னாளில், போதை குறைவாகத் தெரிந்தவர்களே அதிகம் சிக்கினார்கள். கடலோடி, அந்தப் பையன் குடும்பத்தில் யாராவது உண்டா?

கடலோடி:
அவனுடைய அப்பாவழித் தாத்தா. குடியிலேயே போனார். மாப்பிள்ளை அதைப் பற்றி வாயே திறக்கமாட்டார். நேற்று பையனிடம், "மறுநாள் எல்லாம் ஞாபகம் இருக்குமாடா?" என்று சும்மா கேட்டேன். "சில நேரம் கடைசி ரெண்டு மணி நேரம் காணாமப் போயிடும் மாமா" என்று சிரிக்கிறான்.

இரவுப்பணி:
அப்படியென்றால் மூளைக்கு ஏறத்தான் செய்கிறது, காலுக்குத்தான் தெரியவில்லை. அவனிடம் இதை இப்படியே சொல்லுங்கள், தாத்தா கதையையும் சேர்த்து. இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: குடிக்காத காலையில் கை நடுக்கமோ வேர்வையோ உண்டா? இல்லையென்றால் அவன் இன்றைக்கே நிறுத்தலாம். உண்டென்றால் அவனாக நிறுத்தவேண்டாம், முதலில் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

நேர்கோடு:
நான் 16-ல் தொடங்கினேன், இப்போது 41, ஒன்றும் ஆகவில்லையே?

ஒத்தையடி:
சீக்கிரம் தொடங்கியும் சிக்காதவர்கள் உண்டு, அவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம் அண்ணே. மாதத்தில் எத்தனை நாள் என்று சொல்லவே இல்லையே?