நீட்டில் தகுதி, பிளஸ் டூவில் மூன்று மார்க் குறைவு: உங்கள் வீட்டில் நடந்ததா?

தஞ்சாவூர்ச் சித்தி
அக்கா மகன் விஷயம் இது. ஓ.சி. பிரிவு. பிளஸ் டூவில் 600க்கு 363. தமிழ் 86, ஆங்கிலம் 78, கணிதம் 52, உயிரியல் 56, வேதியியல் 47, இயற்பியல் 44. எல்லாவற்றிலும் பாஸ் என்று வீட்டில் நிம்மதியாக இருந்தோம். அப்புறம் ஒரு வருடம் கோச்சிங் போய் நீட்டில் தகுதி மதிப்பெண்ணையும் தாண்டிவிட்டான். கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தால், தகுதியில்லை என்று வந்தது. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்து 147தான், 150 வேண்டுமாம். பணம் வாங்கிச் சேர்த்துக்கொண்ட கோச்சிங் சென்டரில் ஒருவர்கூட மார்க் ஷீட்டை வாங்கிப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

கோவைக்காரன்
எங்கோ தப்பு நடந்திருக்கிறது அக்கா. 50 என்பது நீட்டில் எடுக்க வேண்டிய பெர்சன்டைல். அதை எடுத்துவிட்டால் பிளஸ் டூவில் பாஸ் போதும். தகுதி இல்லையென்றால் நீட் எழுதவே விட்டிருக்க மாட்டார்களே?

ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார்
தம்பி, பெர்சன்டைல் விதி சரிதான், ஆனால் பிளஸ் டூ விதி தனியாக இருக்கிறது. பொதுப்பிரிவுக்கு அந்த மூன்று பாடத்தில் 50 சதவீதம், அதாவது 300க்கு 150. ஆங்கிலத்தில் பாஸ் வேண்டும், ஆனால் அந்த மார்க் கூட்டலில் வராது. கணிதமும் வராது. இந்தப் பையனின் 363இல் 216 மார்க் மருத்துவக் கணக்குக்கு உதவவே இல்லை.

நீட் எழுத விட்டதிலும் வியப்பில்லை. பிளஸ் டூ ரிசல்ட் வருமுன்பே பிள்ளைகள் விண்ணப்பிக்கிறார்கள். மார்க்கைப் பார்ப்பது கலந்தாய்வில்தான். நம் மாநிலத்தில் ஒரு பாடத்துக்கு 35 எடுத்தால் பாஸ் என்பதால், பாஸுக்கும் தகுதிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி யார் கண்ணிலும் படுவதில்லை. மூன்றிலும் 45 எடுத்த பிள்ளையும் பாஸ்தான், ஆனால் 135தான் வரும்.

பி.சி. பிரிவு அப்பா, நாமக்கல்
எங்கள் பெண்ணுக்கு 139. மாநில ஒதுக்கீட்டுக் கலந்தாய்வில் ஏற்றுக்கொண்டார்கள்.

ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார்
பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 40 சதவீதம், 120 போதும். ஆனால் அகில இந்திய ஒதுக்கீட்டில் மத்திய அரசின் ஓ.பி.சி. சான்றிதழ் கேட்பார்கள். வசதி வரம்பைத் தாண்டி கிரீமி லேயரில் வரும் குடும்பம் அங்கே பொதுப்பிரிவு ஆகிவிடும், அப்போது 150 தேவை. 139 எடுத்த ஒரே பிள்ளை ஒரு கதவில் தகுதி, இன்னொரு கதவில் தகுதியில்லை.

மதுரை அப்பா
சார், என் மகன் ஜே.இ.இ. எழுதப்போகிறான். அவனுக்கும் இந்த 150 உண்டா?

கோவைக்காரன்
அது வேறு. ஜே.இ.இ. மெயின் எழுத மார்க் வரம்பு இல்லை. என்.ஐ.டி.யில் சேரும்போதுதான் பிளஸ் டூவில் 75 சதவீதம், அல்லது போர்டில் முதல் 20 பெர்சன்டைலுக்குள் இருக்க வேண்டும். எஸ்.சி., எஸ்.டி.க்கு 65. இது எனக்கு நன்றாகத் தெரியும், என் தம்பியே அப்படிச் சேர்ந்தவன். நீட் விஷயத்தில் வாத்தியார் சொன்னது சரி.

கம்ப்யூட்டர் குரூப் அம்மா
என் மகள் கணிதம், இயற்பியல், வேதியியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தாள். இப்போது டாக்டர் ஆக வேண்டும் என்கிறாள். மார்க் நன்றாக இருக்கிறது, உயிரியல் மட்டும் இல்லை. பிளஸ் ஒன்னில் சேரும்போது பள்ளியில் காலியாக இருந்த குரூப்பில் போட்டார்கள்.

ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார்
முன்பு பதினொன்றிலும் பன்னிரண்டிலும் உயிரியல் படித்திருந்தால்தான் முடியும். 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தளர்த்தியது. பிளஸ் டூ முடித்தபின் அங்கீகரிக்கப்பட்ட போர்டில் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதிப் பாஸ் செய்யலாம். தேசிய திறந்தவெளிப் பள்ளியில் எழுதலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. ஆனால் அந்த உயிரியல் மார்க்கும் 150க்குள் போய்ச் சேரும். 35 எடுத்துத் தப்பித்தால் போதாது, இயற்பியலும் வேதியியலும் தாங்க வேண்டும்.

பிளஸ் ஒன்னில் எடுக்கும் குரூப் பின்னால் கதவை மூடிவிடும் என்பதால், தாவரவியல், விலங்கியல் குரூப்பில் சேரும் பிள்ளைகளிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். கணிதம் இல்லையென்றால் பி.இ. கலந்தாய்வு அவர்களுக்கு இல்லை. இரண்டு பக்கமும் கதவு வேண்டுமென்றால் உயிரியல்-கணிதம் குரூப். ஆனால் கணிதத்துக்குப் போகும் நேரம் இயற்பியல் மார்க்கைக் குறைத்துவிடும், அதையும் நான் வகுப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தஞ்சாவூர்ச் சித்தி
சார், எங்கள் பையன் அந்த இயற்பியலை மட்டும் திரும்ப எழுத முடியுமா? மூன்று மார்க்தானே?

ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார்
மாநில போர்டில் பாஸான பாடத்தைத் திரும்ப எழுத வழியில்லை அம்மா. திறந்தவெளிப் பள்ளியில் புதிதாக எழுதலாம், அங்கே வருடத்துக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு நடக்கும். ஆனால் பழைய உயிரியல் மார்க்கோடு புதிய இயற்பியல் மார்க்கைச் சேர்த்துக் காட்டலாமா என்பதை மருத்துவக் கலந்தாய்வு நடத்தும் தேர்வுக் குழுவிடம் எழுத்தில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். வாயால் சொன்னதை நம்பாதீர்கள்.

அரசுப் பள்ளி முன்னாள் மாணவி
நான் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. உயிரியலைத் திறந்தவெளிப் பள்ளியில் எழுதினால் எனக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு நிற்குமா? இந்த வழியில் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.