ஆங்கிலத் தன்குறிப்பைத் தமிழாக்கினால் நகைச்சுவை காணாமல் போகிறது – உதவி தேவை

முத்தியால்பேட்டை ரொட்டிக்காரி:
நான் புதுச்சேரியில் வீட்டிலேயே ரொட்டி சுட்டு விற்கிறேன். கடலூரில் நடக்கவுள்ள உணவுக் கண்காட்சியின் அழைப்பிதழுக்காக என்னைப் பற்றித் தமிழில் மூன்று வரிகள் கேட்டிருக்கிறார்கள். என்னிடம் இருக்கும் ஆங்கிலக் குறிப்பு இது: "ரெக்கவரிங் இன்ஜினியர். பேக்ஸ் பிரெட், பர்ன்ஸ் டெட்லைன்ஸ். லிவ்ஸ் இன் பாண்டிச்சேரி வித் டூ கேட்ஸ் அண்ட் ஒன் ஹஸ்பண்ட், இன் தட் ஆர்டர்."

நான் எழுதிப் பார்த்தது: "மீண்டு வரும் பொறியாளர். ரொட்டி சுடுகிறார், காலக்கெடுக்களை எரிக்கிறார். இரண்டு பூனைகள் மற்றும் ஒரு கணவருடன், அந்த வரிசையில், புதுச்சேரியில் வசித்து வருகிறார்." இதைப் படித்த என் தங்கை, "உடம்புக்கு என்னக்கா?" என்று கேட்டாள். ஆங்கிலத்தில் சிரிப்பவர்கள் தமிழில் ஏன் அனுதாபப்படுகிறார்கள் என்று தெரியவில்லை.

வில்லியனூர் வாசகர்:
எழுத்துத் தமிழில் எழுதினால் விறைப்பாகத்தான் இருக்கும். முழுவதையும் பேச்சு வழக்குக்கு மாற்றிவிடுங்கள், சிரிப்பு தானாக வந்துவிடும். அந்த "மற்றும்" என்ற சொல்லையாவது முதலில் நீக்குங்கள். அது அரசாணையில் இருக்க வேண்டியது.

முத்தியால்பேட்டை ரொட்டிக்காரி:
அழைப்பிதழ் என்பதால் பேச்சு வழக்கு வேண்டாம் என்று ஏற்பாட்டாளர்கள் சொல்லிவிட்டார்கள், ஐயா.

திருப்பாதிரிப்புலியூர் தமிழாசிரியர் (ஓய்வு):
பிழை திருத்தம் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். "ஒரு கணவர்" என்பதைக் "கணவர் ஒருவர்" எனத் திருத்துக. மேலும் உயர்திணையையும் அஃறிணையையும் ஒரே தொடரில் எண்ணி முடித்தல் நன்றன்று. எங்கள் பள்ளி மலரிலும் இதே தவறு நேர்ந்தது. நான் எடுத்துச் சொல்லியும் அப்படியே அச்சிட்டார்கள்.

மஞ்சக்குப்பம் வசன மொழிபெயர்ப்பாளர்:
விறைப்புக்குக் காரணம் எழுத்து வழக்கு அன்று. ஆங்கிலத் தொடரின் எலும்புக்கூடு உள்ளே அப்படியே நிற்பதுதான். அழைப்பிதழ் நடைக்கென்று ஒரு சிரிக்காத முகம் உண்டு. அந்த முகத்தை மாற்றாமல் குறும்பாக ஒன்றைச் சொன்னால், பேச்சு வழக்கில் சொல்வதைவிடச் சிரிப்பு கூடுதலாகவே வரும்.

முதல் வரியில், குடியை விட்டுத் தெளிந்து வருபவரைச் சொல்லும் சொல்லைப் பொறியியலுக்குப் போட்டதுதான் ஆங்கிலத்தின் வேடிக்கை. "மீண்டு வரும்" என்றால் தமிழில் மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். நமக்குத் "தேறுதல்" இருக்கிறது: தேர்வில் தேறுவதும் அதுவே, நோயிலிருந்து தேறுவதும் அதுவே. "பொறியியலில் தேறியவர், இப்போது அதிலிருந்து தேறி வருகிறார்." வீட்டுக்கு ஒரு பொறியாளர் உள்ள ஊரில் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

இரண்டாம் வரியில் எரிப்பதை மறந்துவிடுங்கள், தாமதத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: "இவர் சுடும் ரொட்டி பதமாக வரும், சொன்ன நேரத்துக்குத்தான் வராது." வாடிக்கையாளர் இதை எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டால் நான் பொறுப்பல்ல.

மூன்றாம் வரிதான் கடினமானது. ஆங்கிலத்தில் அந்த வரிசைக் குத்து கடைசியில் வருகிறது. நீங்கள் அதை நடுவில் வைத்துவிட்டதால், "வசித்து வருகிறார்" என்று முடிப்பதற்குள் சிரிப்பு அணைந்துவிடுகிறது. தொடரை உடைத்து, குத்தைத் தனியே நிறுத்துங்கள்: "புதுச்சேரி வீட்டில் உடன் இருப்போர்: இரண்டு பூனைகள், ஒரு கணவர். வரிசை, வீட்டு மரியாதைப்படி." "கணவர் ஒருவர்" என்று ஐயா சொன்னபடி திருத்தினால் பூனைக்கும் கணவருக்கும் ஒரே அளவுகோல் என்ற வேடிக்கை போய்விடும், இங்கே அந்த "ஒரு" வேண்டும்.

திணை கலப்பதைப் பற்றி: பல திணைப் பொருள்கள் விரவி வந்தால் சிறப்பினாலோ, மிகுதியாலோ, இழிவினாலோ ஒரே முடிபு கொள்ளலாம் என்று நன்னூல் இடம் தருகிறது. உங்கள் வீட்டில் மிகுதி பூனைகளின் பக்கம். ஆகவே "வீட்டில் இரண்டு பூனைகளும் ஒரு கணவரும் உள்ளன" என்று எழுதினாலும் பவணந்தியார் துணைக்கு வருவார்.

எதைத் தேர்ந்தாலும், ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். "இது இங்கிலீஷில் எப்படி இருந்தது?" என்று அவர் கேட்டால், அந்த வரி இன்னும் தமிழாகவில்லை.

திருப்பாதிரிப்புலியூர் தமிழாசிரியர் (ஓய்வு):
சூத்திரம் சரி, மறுக்கவில்லை. ஆனால் அழைப்பிதழைப் பார்ப்பவர்களில் எத்தனை பேர் அதை நினைவில் வைத்துப் படிப்பார்கள்? "உள்ளன" என்பதை அச்சுப்பிழை என்றே எண்ணுவார்கள்.

முத்தியால்பேட்டை ரொட்டிக்காரி:
முதல் இரண்டு வரிகளையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். தங்கை இம்முறை நலம் விசாரிக்கவில்லை. மூன்றாவதற்கு "உள்ளன" என்று அனுப்பினேன். ஆசிரியர் ஐயா சொன்னபடியே ஆயிற்று: அச்சகத்திலிருந்து மெய்ப்பு "உள்ளனர்" என்று திருத்தப்பட்டு வந்திருக்கிறது.

மஞ்சக்குப்பம் வசன மொழிபெயர்ப்பாளர்:
அப்படியானால் வினையே இல்லாத முதல் வடிவத்துக்குப் போங்கள். அதில் திருத்த எதுவும் கிடைக்காது.

வில்லியனூர் வாசகர்:
மெய்ப்பின் ஓரத்தில் "பிழையன்று, அப்படியே விடவும்" என்று எழுதி அனுப்பலாமே. அந்தக் குறிப்பையும் சேர்த்து அச்சடித்துவிட்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

முத்தியால்பேட்டை ரொட்டிக்காரி:
வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். என் கணவருக்கு "உள்ளன" பிடித்திருக்கிறது. மாமியாரிடம் இன்னும் காட்டவில்லை.