செயலாளர் தங்கச்சி நுளம்பின் காலை எண்ணச் சொன்ன அன்று

தூரிகைக்காரி: போன கிழமை எங்கள் கல்லூரிச் சித்திரக் கழகத்தின் டெங்குச் சுவரொட்டிப் போட்டி தொடங்கியது. ஏஐ படமும் வரலாம் என்று முதலே அறிவித்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் சண்டை பிடிக்கத்தான் போனேன்.

செயலாளர் தங்கச்சி வணக்கம்கூட ஒழுங்காகச் சொல்லவில்லை. தான் செய்வித்த படம் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "இதின்ர காலை எண்ணுங்கோ" என்றாள். முன்வரிசைப் பொடியன்கள் சத்தமாக எண்ணினார்கள். ஆறில் நிற்கவில்லை, எட்டில் போய் நின்றது. சிறகு நாலு. நுளம்புக்கு இரண்டுதானே! "சிலந்திக்கும் தும்பிக்கும் பிறந்த பிள்ளை" என்று அவள் சொல்ல மண்டபமே சிரித்தது. கீழே இருந்த வாசகம் தூரத்தில் தமிழ்தான். கிட்டப் போனால் ஒரு எழுத்தும் எழுத்தில்லை, சுழிகளும் புள்ளிகளும் மட்டும்.

அதற்குப் பிறகுதான் விதி சொன்னாள். படத்தை ஏஐ தரலாம், எழுத்தை நீங்கள்தான் போடவேண்டும். என்ன கட்டளை கொடுத்தீர்கள், எதைத் திருத்தினீர்கள் என்று தாளின் பின்பக்கம் எழுதவேண்டும். பிழையைப் பிடித்துத் திருத்தினவருக்குத்தான் கூடப் புள்ளி.

வீட்டுக்கு வந்து நான் கையால் வரைந்த நுளம்பை எண்ணினேன். ஆறு கால், இரண்டு சிறகு. ஆனால் காலில் வெள்ளை வளையம் ஒன்றுகூட இல்லை. அப்படியென்றால் நான் வரைந்தது டெங்கு நுளம்பே இல்லை. இரண்டு நாளாக அதுதான் தலைக்குள் ஓடுகிறது.

அச்சுக்கடை அண்ணன்: வெள்ளவத்தையில் கடை. போன வருசம் ஒரு பொடியன் இப்படியொரு படத்தோடு வந்தான். 1024 க்கு 1024 பிக்சல், ஏ3 வேணுமாம். ஏ3 இன் அகலம் 297 மில்லிமீற்றர், அதாவது பதினொன்றே முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அங்குலத்துக்கு 87 புள்ளிதான் விழும். 300 வேணுமென்றால் 3508 க்கு 4961 பிக்சல் இருக்கவேண்டும். "போனில் நல்லாத்தானே இருக்கு அண்ணா" என்றான். அடித்துக் கொடுத்தேன். நுளம்பின் ஓரமெல்லாம் படிக்கட்டு. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கொட்டாஞ்சேனை ரவுண்ட்: அண்ணன் பெரிசு பண்ணுகிறார். போட்டோஷொப்பில் ரெசலூஷன் பெட்டியில் 300 என்று அடித்தால் முடிந்தது. நான் எப்பவும் அப்படித்தான்.

அச்சுக்கடை அண்ணன்: தம்பி, Resample ஐ எடுத்துவிட்டு 300 அடித்தால் படம் கிட்டத்தட்ட 8.7 சென்ரிமீற்றராகச் சுருங்கும். முத்திரைக்குச் சரி, சுவருக்கு இல்லை. Resample ஐ விட்டால் இல்லாத பிக்சலை அது ஊகித்து நிரப்பும், மங்கும். ஆனால் ஒன்று, இரண்டு மீற்றர் தள்ளி நின்று பார்க்கிற சுவரொட்டிக்கு 150 போதும். அந்தளவில் நீ சொன்னது பாதி சரி.

பம்பலப்பிட்டி மாமி: செயலாளர் உரை என்றதும் என் ஞாபகம். 1998 இல் நன்றியுரை சொல்ல ஏறி, பிரதம விருந்தினரின் பெயரை மறந்து "ஐயா அவர்களே" என்று சமாளித்தேன். அவர் ஐயா இல்லை, அம்மா. இந்தப் பிள்ளை தாளைப் பார்த்து வாசித்தாளா, பார்க்காமலா?

தூரிகைக்காரி: பார்க்காமல்தான் மாமி.

எழுத்துப்பூச்சி: யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எழுத்தை நீங்களே போடவேண்டும் என்ற விதியில்தான் கனபேர் விழுவார்கள். பழைய போட்டோஷொப்பில் தமிழ் யூனிகோட் ஒட்டினால் "பெருகாமல்" என்பதில் கொம்பு பகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். பந்தி அமைப்பில் World-Ready Layout ஐத் தெரிவுசெய்தால் சரியாகும். பழைய ஆட்கள் இதற்குத்தான் பாமினி எழுத்துருவில் அடிப்பார்கள். அது பார்வைக்குச் சரி, ஆனால் எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். கடைக்குக் கொடுக்கும்போது எழுத்தை வடிவமாக மாற்றி பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். என் தம்பியின் சுவரொட்டியில் "நுளம்பு" கடையில் போய் "Esk;G" என்று வந்தது. அதோடு ஒட்டியும் விட்டார்கள்.

கொட்டாஞ்சேனை ரவுண்ட்: சரி சரி, ரெசலூஷனை விடுங்கள். மூன்று கிழமை கையால் வரைந்தவளையும் மூன்று நிமிசத்தில் எடுத்தவனையும் ஒரே மேசையில் வைத்துப் புள்ளி போடுவது நியாயமா?

தூரிகைக்காரி: அதைத்தான் நானும் எழும்பிக் கேட்டேன். "குழுவில் கதைத்துச் சொல்கிறோம் அக்கா" என்றாள். இன்னும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கடைசி நாள். இப்போதைக்கு வெள்ளைப் பூச்சை எடுத்து ஆறு காலுக்கும் வளையம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.