மறு: NPER விளக்கத்துக்கு 'தவணை எண்ணிக்கை' போதுமா?

கதிர்:
வணக்கம். லிப்ரெஓபிஸ் கால்க்கின் நிதிச் சார்புகளுக்கு விளக்க வரிகளைத் தமிழாக்கி வருகிறேன். NPER-இல் வந்து நிற்கிறேன். வட்டி வீதம், மாதாமாதம் போடும் தொகை, எட்ட வேண்டிய இலக்கு மூன்றும் தெரிந்தால் எத்தனை மாதம் ஆகும் என்று சொல்லும் சார்பு இது. 'தவணை எண்ணிக்கை' என்று போட்டிருக்கிறேன், எல்லாருக்கும் புரியும். மறுப்பு இல்லையென்றால் இன்றிரவு ஏற்றிவிடுகிறேன்.

நடராசன்:
தம்பி, இதில் கணக்குப் போட என்ன இருக்கிறது? நான் அஞ்சலகத்தில் ஆர்டி கட்டினேன். ஐந்து வருடம், 60 தவணை, பாஸ்புக்கிலேயே இருக்கும். மாதம் எவ்வளவு கட்டினால் மகள் கல்யாணத்துக்குக் கைக்கு வேண்டியது வரும் என்பதுதான் தெரியாமல் இருந்தது. 'தவணை' நல்ல சொல், விட்டுவிடாதீர்கள்.

மாலதி:
ஐயா, நீங்கள் தேடியது PMT. உங்களுக்குக் காலம் முடிவாகிவிட்டது, தொகைதான் தெரியவில்லை. NPER-இல் தொகை முடிவாகிவிட்டது, காலம் தெரியவில்லை.

கதிர், ஏற்றுவதற்கு முன் ஒரு கணக்கைப் பாருங்கள். இலக்கு 5 லட்சம், மாதக் கடைசியில் 10,000, ஆண்டு வட்டி 7.2 சதவீதம், மாதத்துக்கு 0.6.

```
=NPER(7.2%/12; -10000; 0; 500000)
```

விடை 43.86. வட்டியே இல்லையென்றால் 50 மாதம் ஆகியிருக்கும். அந்த 0.86-ஐ என்ன செய்வது? 43-ஆவது மாதம் கட்டியதும் கையில் சுமார் 4,88,900. அடுத்த மாத வட்டி சேர்ந்தால் 4,91,840 போல. ஆக 44-ஆவது முறையும் கட்டத்தான் வேண்டும், ஆனால் 8,160 ரூபாய் கட்டினால் போதும். முக்கால் தவணை என்று யாரும் கட்டுவதில்லை. சார்பு எண்ணுவது தவணையை அல்ல, காலத்தை.

இன்னொன்று. தவணையே இல்லாமலும் இது வேலை செய்யும். ஒரு லட்சத்தைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் இரண்டு லட்சமாக எத்தனை மாதம்?

```
=NPER(0.6%; 0; -100000; 200000)
```

சுமார் 115.9 வரும். இதில் எந்தத் தவணையை எண்ணினோம்? 'காலக்கூறு எண்ணிக்கை' என் பரிந்துரை.

கதிர்:
இரண்டாவது உதாரணம் என்னை மடக்கிவிட்டது. ஆனால் 'காலக்கூறு' புதுசாக இருக்கிறதே அக்கா. 'தவணைக்காலம்' என்றால்?

துஷ்யந்தன்:
யாழ்ப்பாணத்திலிருந்து. எங்களுக்குத் தவணை என்றவுடன் பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வரும், முதலாம் தவணைப் பரீட்சை, இரண்டாம் தவணைப் பரீட்சை. கடன் பேச்சில் மாதத் தவணையும் உண்டு. 'தவணைக்காலம்' என்றால் ஒரு மாதமா, முழு நான்கு வருடமா என்று ஆளுக்கொரு விதமாக எடுப்பார்கள். காலக்கூறு பரவாயில்லை. ஒரு சந்தேகம்: நான் போட்டால் -59.62 வருகிறது. வட்டி எதிர்மறையா?

மாலதி:
10,000-க்கு முன்னால் கழித்தல் குறி விட்டுப்போயிருக்கும். கையை விட்டுப் போகும் பணம் கழித்தல், கைக்கு வருவது கூட்டல். இரண்டும் ஒரே குறியில் இருந்தால் இப்படி எதிர்மறை மாதம் வரலாம். நல்லவேளை, பார்த்ததுமே தப்பென்று தெரிந்துவிடும்.

தெரியாமல் ஏமாற்றுவது வேறு. 12-ஆல் வகுக்க மறந்து 7.2% என்றே கொடுத்தால் 21.95 வரும். '22 மாதத்தில் ஐந்து லட்சம்' என்று சந்தோஷப்பட்டுவிடலாம். 22 மாதத்தில் போட்டதே 2,20,000தான், மீதி எங்கிருந்து வரும்? வட்டி வீதம் எந்த அலகிலோ விடையும் அந்த அலகில்தான். அதனால்தான் சொல்லுக்குள் 'மாதம்' வரக்கூடாது, 'காலக்கூறு' என்று பொதுவாக இருக்க வேண்டும் என்கிறேன்.

நடராசன்:
வங்கி ஆர்டியில் காலாண்டுக்கு ஒருமுறைதானே வட்டியைச் சேர்க்கிறார்கள்? அப்போது 0.6 எப்படிச் சரியாகும்?

மாலதி:
சரியான பிடி ஐயா. காலாண்டுக்கு 1.8 சதவீதம் கூடுகிறது என்றால் அதற்குச் சமமான மாத வீதம் சுமார் 0.596. அதைப் போட்டால் 43.89 வருகிறது. இங்கே 44 மாறவில்லை. விடை முழு எண்ணை ஒட்டி நின்றால் ஒரு மாதம் தள்ளிப்போகலாம்.

கதிர்:
சரி, இப்படி மாற்றியிருக்கிறேன்: "நிலையான வட்டி வீதத்தில், சீரான செலுத்தங்களைக் கொண்டு இலக்குத் தொகையை எட்டத் தேவையான காலக்கூறுகளின் எண்ணிக்கை."

துஷ்யந்தன்:
'செலுத்தங்கள்' கடிக்கிறது. சேமிப்புக்கு 'வைப்பு' என்றால் நாங்கள் உடனே விளங்கிக்கொள்வோம், ஆனால் கடனுக்கும் இதே சார்புதான், அங்கே வைப்பு பொருந்தாது.

நடராசன்:
'கட்டும் தொகை' என்று போடுங்களேன். ஆர்டியும் கட்டுகிறோம், கடனும் கட்டுகிறோம்.

மாலதி:
எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் PMT விளக்கத்தில் ஏற்கெனவே 'செலுத்தம்' இருக்கிறது, மாற்றினால் இரண்டிலும் மாற்ற வேண்டும். கதிர், காலக்கூறை மட்டும் இன்று ஏற்றுங்கள். மற்றதற்கு PMT-க்குத் தனி இழை தொடங்குகிறேன்.