கருப்பை உட்சுவர் 5.8 மி.மீ.: மாத்திரையால் மெலிந்ததா, பழைய டி அண்ட் சி காரணமா?

கோபி மருமகள்:
எனக்கு வயது 29, ஊர் கோபிக்குப் பக்கம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வாரத்தில் கரு கலைந்து, கருப்பையைச் சுத்தம் செய்யும் டி அண்ட் சி செய்தார்கள். இப்போது குளோமிஃபீன் 100 மி.கி. இரண்டாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை சாப்பிட்டு, பன்னிரண்டாம் நாள் உள்வழி ஸ்கேன் எடுத்ததில், முட்டை 19 மி.மீ. வளர்ந்திருந்தும் உட்சுவர் 5.8 தான் இருந்தது. முந்தைய இரண்டு மாதங்களிலும் 6.1, 5.9 என்றே வந்ததால், இம்முறை விந்தைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயூஐ வேண்டாம் என்று மருத்துவர் நிறுத்திவிட்டார். கரு ஒட்ட எத்தனை மி.மீ. வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பல்லடம் சுமதி:
எட்டு இருந்தால்தான் கரு ஒட்டும், அதற்குக் கீழே ஒட்டவே ஒட்டாது என்று எனக்குச் சொன்னார்கள். தினமும் மாதுளையும் பீட்ரூட்டும் சாப்பிடுங்கள், ஏறிவிடும்.

தாராபுரம் பெரியம்மா:
அம்மணி, என் நாத்தனாருக்கு 58 வயது. அவருக்கு 9 மி.மீ. என்று வந்ததற்கே பயாப்சி எடுக்க வேண்டும் என்றார்கள். உனக்குக் குறைவாக இருப்பது நல்லதுதானே?

ஸ்கேன் அறை (ஈரோடு, 22 ஆண்டு அனுபவம்):
பெரியம்மா, மாதவிடாய் நின்றவர்களுக்கு உட்சுவர் மெல்லியதாகத்தான் இருக்க வேண்டும். நின்ற பிறகு இரத்தம் பட்டு, அளவு 4 மி.மீ.க்கு மேல் இருந்தால் கட்டாயம் பார்த்தாக வேண்டும் என்பதால், உங்கள் நாத்தனாருக்குச் சொன்னது சரி. குழந்தைக்குக் காத்திருப்பவரின் கணக்கு வேறு.

சுமதி சொன்ன எட்டு, இருந்தால் நிம்மதி தரும் எண். பெரும்பாலான மருத்துவர்கள் முட்டை வெடிக்க ஊசி போடும் நாளில் 7 மி.மீ. இருந்தால் போதும் என்று முன்செல்கிறார்கள். ஏழுக்குக் கீழே வாய்ப்பு குறைகிறது, ஆனால் அற்றுப்போவதில்லை. ஐந்து, ஆறில் தங்கிய கருக்களும் உண்டு. மாதுளை உடம்புக்கு நல்லதுதான், ஆனால் அதனால் உட்சுவர் தடிக்கும் என்று காட்டும் சான்று இல்லை.

தங்கையே, உங்கள் ஸ்கேன் தாளை எடுத்துப் பாருங்கள். கருப்பையின் பக்கவாட்டுத் தோற்றத்தில் இரண்டு சிறிய கூட்டல் குறிகளும் அவற்றை இணைக்கும் புள்ளிக்கோடும் தெரியும். முன்பக்க அடுக்கையும் பின்பக்க அடுக்கையும் சேர்த்து, மிகத் தடித்த இடத்தில் அளந்த அளவு அது. நடுவில் நீர் தேங்கியிருந்தால் அதைக் கழித்துவிட வேண்டும். கை மாறினால் அரை மி.மீ. முதல் ஒரு மி.மீ. வரை வேறுபடும். ஆகவே 6.8க்கும் 7.1க்கும் இடையில் பெரிய வேறுபாடு இருப்பதாக நான் நினைப்பதில்லை. ஆனால் மூன்று மாதமும் ஆறைச் சுற்றியே நிற்பதை அளவுப் பிழை என்று தள்ளிவிடவும் முடியாது.

குளோமிஃபீன் முட்டையை வளர்க்கும். அதே சமயம் கருப்பைக்குள் ஈஸ்ட்ரோஜன் வேலை செய்வதைத் தடுப்பதால், சிலருக்கு உட்சுவர் மெலிகிறது. டி அண்ட் சி செய்த இடத்தில் தழும்பு ஒட்டிக்கொண்டாலும் மெலியும். இரண்டையும் பிரித்தறிய ஒரு கேள்வி: மாதவிடாய் குறைந்ததா, குறைந்தது என்றால் எப்போதிருந்து?

கோபி மருமகள்:
முன்பு ஐந்து நாள் போகும். டி அண்ட் சிக்குப் பிறகு இரண்டு நாள்தான், அதுவும் கொஞ்சமாகத்தான். மாத்திரையை இந்த ஆண்டுதான் தொடங்கினேன்.

ஸ்கேன் அறை:
அப்படியானால் மாத்திரைக்கு முன்பே ஏதோ நடந்திருக்கிறது. மாத்திரையை லெட்ரோசோலுக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அது உட்சுவரை அந்த அளவுக்குத் தடுக்காது. குளோமிஃபீன் உடம்பில் சில வாரங்கள் தங்குவதால், இடையில் ஒரு மாதம் விட்டுத் தொடங்குவது நல்லது என்பது என் எண்ணம். மாற்றியும் ஏறவில்லை என்றால் ஹிஸ்டரோஸ்கோபி செய்து உள்ளே நேரில் பார்க்க வேண்டும். மெல்லிய தழும்பு ஒட்டல் ஸ்கேனில் பல நேரம் தெரியாது.

கோபி மருமகள் (இரண்டு மாதம் கழித்து):
ஒரு மாதம் மருந்தில்லாமல் விட்டு, பிறகு லெட்ரோசோல் 2.5 மி.கி. ஐந்து நாள் சாப்பிட்டேன். பன்னிரண்டாம் நாள் 6.6. உட்சுவரின் அடுக்குகள் மூன்று கோடுகளாகத் தெளிவாகத் தெரிகின்றன என்றார்கள். மருத்துவர் இந்த மாதமே ஐயூஐ செய்யலாம் என்கிறார்; என் கணவர் முதலில் உள்ளே பார்த்துவிடலாம் என்கிறார்.

ஸ்கேன் அறை:
மூன்று கோடு நல்ல அறிகுறிதான், 6.6க்கு முன்செல்வதிலும் தவறில்லை. ஆனாலும் உங்கள் மாதவிடாய்க் கதையைக் கேட்ட பிறகு நான் உங்கள் கணவர் பக்கம்தான். மாதவிடாய் முடிந்து, முட்டை வெடிப்பதற்கு முந்திய நாட்களில் ஹிஸ்டரோஸ்கோபி செய்வார்கள். அப்போது எடுக்கும் சதைத் துணுக்கைக் காசநோய்ப் பரிசோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள். நம் நாட்டில் உட்சுவர் தழும்பாகிப் போவதற்கு அதுவும் ஒரு காரணம். நெஞ்சில் சளி இருமல் எதுவும் இல்லாமலேயே அது கருப்பையில் இருக்கலாம்.

பல்லடம் சுமதி:
எனக்கு அந்தப் பரிசோதனையைச் செய்யவே இல்லை. நானும் அடுத்த முறை கேட்கிறேன்.