உதவி: கார்டு எண்ணைச் சரியாக அடித்தும் ‘தவறு’ என்றே வருகிறது

காவேரிப்பட்டணம் ராஜி
அவசரம். எங்கள் ஜவுளிக்கடை வாடிக்கையாளர் கார்டு எண்களை ஏற்றிக்கொண்டிருக்கிறேன், 16 இலக்கம். கடைசி இலக்கத்தை வைத்துச் சரிபார்க்கும் கணக்கும் போட்டிருக்கிறது. கார்டைக் கையில் வைத்துப் பார்த்துத்தான் அடித்தேன், ஆனாலும் ஏறக்குறைய எல்லாமே ‘தவறு’. நாளைக் காலை முதலாளி கேட்பார்.

பாலக்கோடு மணி
எனக்கும் இதே கதைதான். பெட்ரோல் பங்கில் என் ஏடிஎம் கார்டு மூன்று முறை தேய்த்தும் எடுக்கவில்லை. சிப்பை அழிரப்பரால் துடைத்துப் பாருங்கள்.

கணக்குப்புலி
மணி சார், அவர் கேட்பது வேறு. ராஜி, நீங்கள் சொல்லும் சரிபார்க்கும் கணக்குக்கு லூன் என்று பெயர், ஒன்று விட்டு ஒன்றாக இலக்கங்களை இரட்டித்துக் கூட்டுவது. அதை வலமிருந்துதான் தொடங்க வேண்டும். நீங்கள் இடமிருந்து தொடங்கியிருப்பீர்கள். இந்த அடிப்படைகூடத் தெரியாமல் கணக்குப் போட வந்துவிடுகிறார்கள், இது இங்கே பத்தாவது முறை.

ஊத்தங்கரை சரவணன்
வலமிருந்து என்பது சரிதான் சார், ஆனால் 16 இலக்கத்தில் இடமிருந்து முதல் இலக்கத்தை இரட்டித்தாலும் அதே இலக்கங்கள்தான் இரட்டிக்கும். 15 இலக்கக் கார்டு வந்தால்தான் கவிழும். ராஜி அக்கா, எதில் அடிக்கிறீர்கள்? ‘ஏறக்குறைய’ என்றால் எத்தனை? ஒரு எண்ணைப் போடுங்கள், கடைக் கார்டுதானே, வங்கிக் கார்டாக இருந்தால் கேட்கவே மாட்டேன்.

காவேரிப்பட்டணம் ராஜி
எக்செல்தான், சொல்லவில்லையா? 200 அடித்ததில் 21 சரி. கார்டில் 9100 2017 3509 0429. கட்டத்தில் 9.1002E+15 என்று தெரிகிறது, அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஊத்தங்கரை சரவணன்
அதைத்தான் கண்டுகொண்டிருக்க வேண்டும் அக்கா. கட்டத்தைச் சொடுக்கி மேலே பட்டையைப் பாருங்கள், 9100201735090420 என்று இருக்கும். எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும், 16ஆவதைப் பூஜ்ஜியமாக்கிவிடும். உங்களுக்குப் பறிபோனது சரிபார்க்கிற இலக்கமேதான்.

கையாலும் போட்டுப் பார்க்கலாம். இடமிருந்து ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் 9, 0, 2, 1, 3, 0, 0, 2. இரட்டித்து, ஒன்பதைத் தாண்டினால் 9 கழித்தால் 9, 0, 4, 2, 6, 0, 0, 4, கூட்டினால் 25. மற்றவை 1, 0, 0, 7, 5, 9, 4, கூட்டினால் 26. ஆக 51. கடைசி 9ஐச் சேர்த்தால் 60, பத்தால் வகுபடும். 9 போய் 0 வந்தால் 51தான், அதனால் ‘தவறு’. அந்த 21 பேருடைய கார்டையும் எடுத்துப் பாருங்கள், எல்லாம் உண்மையிலேயே பூஜ்ஜியத்தில் முடியும். பத்தில் ஒன்று தேறுவது அதனால்தான்.

தர்மபுரி வித்யா
அப்படியென்றால் மீதி 15ஐ வைத்துக் கடைசி இலக்கத்தைக் கணக்கிட்டே போட்டுவிடலாமே, மறுபடி ஏன் அடிக்க வேண்டும்?

ஊத்தங்கரை சரவணன்
போடலாம், அப்புறம் எல்லாமே ‘சரி’ என்றுதான் வரும். நடுவில் 6ஐ 8 என்று அடித்திருந்தால் அந்தத் தப்புக்கும் பொருத்தமான இலக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். நெடுவரிசையை முதலில் டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு, கார்டைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும்.

கணக்குப்புலி
லூன் இருந்தால் எந்தத் தட்டச்சுப் பிழையும் தப்பாது. 1954இலேயே ஐபிஎம்மின் லூன் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை அது.

தர்மபுரி வித்யா
தப்பும் சார். ஒரே ஒரு இலக்கம் மாறினால் கட்டாயம் பிடிக்கும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பிடிக்கும், 09ம் 90ம் தவிர. ராஜியின் எண்ணிலேயே 3509 இருக்கிறது, அதை 3590 என்று அடித்துப் பாருங்கள், கூட்டல் அசையாது, 9 இரட்டித்தாலும் 9தான்.

கணக்குப்புலி
அது ஒரு விதிவிலக்கு. சரி, 9இல் தொடங்கும் கார்டு என்று எதுவும் கிடையாது. 4 விசா, 5 மாஸ்டர்கார்டு, 6 ரூபே. இதெல்லாம் பள்ளிப் பாடம்.

தர்மபுரி வித்யா
508இல் தொடங்கும் ரூபே கார்டும் உண்டே? 2221 முதல் 2720 வரை மாஸ்டர்கார்டுக்கும் கொடுத்திருக்கிறார்கள். முதல் இலக்கத்தை மட்டும் பார்த்து முடிவு கட்ட முடியாது, கொடுத்தது யார் என்பது முதல் ஆறில், இப்போது எட்டில் இருக்கிறது. 9 அந்தந்த நாடு தன் வசதிக்குப் பயன்படுத்த விட்டுவைத்தது.

கணக்குப்புலி
பார்க்கலாம்.

காவேரிப்பட்டணம் ராஜி
டெக்ஸ்ட் ஆக்கி 40 கார்டு அடித்தாயிற்று. ஒன்று மட்டும் ‘தவறு’, பார்த்தால் 1க்குப் பதில் 7 அடித்திருக்கிறேன். நன்றி தம்பி, மீதியை அடிக்கப் போகிறேன்.

பாலக்கோடு மணி
அப்போ என் கார்டை என்ன செய்வது?